தேறிய இற்றைப் பெறுமதி

தேறுதல் என்றால் கழிக்க வேண்டியதைக் கழித்தபின் மிஞ்சுதல். இற்றை என்பது இன்றைய. பெறுமதி, விலைமதிப்பு. கொக்குவிலில் உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் பிள்ளைகள் அறிந்த இச்சொல்லைத் தமிழகத்தார் நிகர நிகழ்கால மதிப்பு என்பர்.

ஒருவர் 5 இலட்சம் ரூபாய் போட்டுத் திராட்சைப் பந்தல் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். கொடி படரும் முதல் வருடம் ஊடுபயிரில் 1 இலட்சம், அடுத்த வருடம் 2 இலட்சம், மூன்றாம் வருடம் 4 இலட்சம் கைக்கு வருகிறது. வெறுமனே கூட்டினால் 2 இலட்சம் இலாபம். ஆனால் பிந்தி வரும் பணத்துக்கு இன்றைய பெறுமதி குறைவு; வரவும் ஆண்டுக்காண்டு வேறுபடுவதால், ஒவ்வோர் ஆண்டின் தொகையையும் தனித்தனியே இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவர வேண்டும்.

கடன் வட்டி 10 வீதமானால் முதல் ஆண்டுத் தொகையை 1.10 ஆலும், அடுத்ததை 1.21 ஆலும், மூன்றாவதை 1.331 ஆலும் வகுக்கிறோம். கூட்டுத்தொகை 556,724; முதலீட்டைக் கழித்தால் தேறுவது 56,724. நேர்ப்பெறுமானம் என்பதால் திட்டத்தை ஏற்கலாம்.

வட்டி 20 வீதமானால் கூட்டுத்தொகை ஏறத்தாழ 453,700. சுமார் 46,300 குறைகிறது, நிராகரிக்க வேண்டும். பூச்சியம் வந்தால் போட்ட பணமும் அதன் வட்டியும் மட்டுமே மீளும்.

பந்தல் அதேதான், வரவும் அதேதான். பெருந்தொகை கடைசி ஆண்டில் வருவதால் வட்டி வீதமே முடிவை மாற்றியது. ஆகவே கணக்கைத் தொடங்குமுன் உண்மையில் கட்டப்போகும் வட்டியை அறிந்துகொள்ள வேண்டும்.