நாள்பட்ட கணைய அழற்சி: நொதி கேப்சூலை எப்போது உட்கொள்ள வேண்டும்?

நாள்பட்ட கணைய அழற்சியில் கணையம் சிறிது சிறிதாகத் தழும்பேறி, கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் நொதியைப் போதிய அளவில் சுரக்க இயலாமல் போகிறது. செரிக்காத கொழுப்பு மலத்துடன் வெளியேறும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையுடனும் கடும் நாற்றத்துடனும், நீர் ஊற்றினாலும் எளிதில் அகலாமல் இருக்கும். உடல் எடையும் குறையும்.

இதற்கென வழங்கப்படும் நொதி கேப்சூல் உணவோடு கலந்தால்தான் பயன் தரும். 25,000 அலகு லைப்பேஸ் கொண்ட இரு கேப்சூல்களை ஒருவர் மதிய உணவை முடித்த பின் விழுங்கி வருகிறார் எனக் கொள்வோம். எண்ணெய் மலம் நிற்கவில்லையெனில், அளவைக் கூட்டுமுன் நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்: முதல் கவளத்துடன் ஒன்று, உணவின் நடுவில் மற்றொன்று. மாலையில் வடை உண்டால் அதற்கும் ஒன்று தேவை. பலர் மறப்பது இதைத்தான். கேப்சூலை மெல்லவோ, சூடான காபியுடன் விழுங்கவோ கூடாது. அமிலத்திலிருந்து நொதியைக் காக்கும் பூச்சு சிதைந்துவிடும். அப்போதும் மாற்றமில்லையெனில் மருத்துவர் அளவைக் கூட்டுவார், அல்லது இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்தைச் சேர்ப்பார். தாமாகவே எண்ணெயை அறவே ஒதுக்கினால் மெலிவு மிகும்.

இடைவிடாத வயிற்று வலியைக் கேப்சூல் தணிக்கும் என எதிர்பார்க்க இயலாது. கணைய நாளத்தில் கல் அடைத்திருப்பதும் நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதும் வலிக்குக் காரணமாகலாம். அதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் வேறு. மதுவையும் புகையையும் கைவிடுவது அதில் முதற்படி. வலி குறையவில்லை எனக் கேப்சூலை நிறுத்திவிடுவோர் உண்டு. கொழுப்போடு ஏ, டி வைட்டமின்களும் வீணாவதால், நாளடைவில் அவர்களுக்கு மாலைக்கண்ணும் எலும்பு நலிவும் ஏற்படக்கூடும்.