அறங்காவலர் மாத அறிக்கையில் கொடையாளர் மறைவு: திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளப்பட்டிக்கு அருகே, 1947இல் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம், மருத்துவமனை, பள்ளி, காதி எனப் பல பணிகளாகக் கிளைத்தது. அதைவிடச் சிறிய அறக்கட்டளைகளும் இன்று இவ்வட்டாரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நோக்கங்களுக்கு நிதி திரட்டுகின்றன. எந்த நோக்கத்துக்கு எவ்வகையார் எவ்வளவு கொடுத்தனர் என்று மாதந்தோறும் அறங்காவலர்க்குச் சொல்லும் அட்டவணையே நம் ஆய்வுப்பொருள்.

இவ்வூரின் இயல்பு ஒன்றை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும். தோல் பதனிடுவோர், நூற்பாலையார், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஆகியோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அறங்காவலர் பலரும் இவர்களிலிருந்தே வருகிறார்கள். ஆகவே பெயரை நீக்கிய அட்டவணையைப் பெயரற்ற அட்டவணை என்று கொள்ள முடியாது.

2. வரையறைகள்

‘மாதம்’ என்பது பணம் வங்கிக் கணக்கில் வரவான நாளைக் கொண்டது. 30ஆம் தேதி கைக்கு வந்து அடுத்த மாதம் பணமான காசோலை அடுத்த மாதத்துக்கு உரியது. திரும்பிய காசோலையைத் திரும்பிய மாதத்தில் கழிக்க வேண்டும். பழைய அறிக்கையைத் திருத்தலாகாது. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

‘நோக்கம்’ என்பது ரசீதில் எழுதிய நோக்கம். எழுதாதது பொது நிதி. மூலநிதியாகக் கொள்ளக் கொடையாளரின் எழுத்துக் குறிப்பு வேண்டும்; வாய்ச்சொல் போதாது.

‘வகை’ என்பதில்தான் பிழை மிகுதி. முகவரியைப் பார்த்து வகை பிரிப்பது எளிது, ஆனால் தவறு. சிங்கப்பூரில் வேலை செய்யும் வேடசந்தூர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து, தம் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டால் ஆகும். அப்போது அத்தொகையை 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பே பெறலாம். 2020 திருத்தத்துக்குப் பின், பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அது வரவாக வேண்டும். கணக்கே வேறாதலால் அதற்கு அறிக்கையும் வேறு. இங்கு உள்நாட்டுக் கொடையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

இன்னும் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். கொடுத்தவரின் பெயரும் முகவரியும் அறக்கட்டளையிடமே பதிவாகாதது ‘அறியாக் கொடை’. உண்டியல் காசு இத்தகையது. பதிவேட்டில் பெயர் இருந்து, வெளியே சொல்ல வேண்டாம் என்று கொடையாளர் கேட்டுக்கொண்டது ‘வெளியிடாக் கொடை’. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிபிசி பிரிவு முன்னதற்கென்றே அமைந்தது. மொத்தக் கொடையில் 5 விழுக்காடு, ஒரு லட்சம் ரூபாய் ஆகிய இரண்டில் பெரியதற்கு மேற்பட்ட அறியாக் கொடைக்கு அது 30 விழுக்காடு வரி விதித்தது. மறைவைக் காப்பதாக எண்ணிப் பதிவேட்டிலேயே பெயரை விட்டுவிடும் எழுத்தர், வெளியிடாக் கொடையை அறியாக் கொடையாக்கிவிடுகிறார். கொடையாளருக்கு வரிச்சலுகையும் போகும்; 2021-22 நிதியாண்டு முதல் அச்சலுகை, அறக்கட்டளை பெயரும் அடையாள எண்ணும் சேர்த்துத் தாக்கல் செய்யும் படிவத்தையே சார்ந்தது. பதிவு முழுமையாக இருக்க, வெளிப்பாடு மட்டும் குறைவாக இருக்க வேண்டும் என்பதே நம் கொள்கை.

3. கட்டம் வெளிப்படும் முறை

நாம் எடுத்துக்காட்டுக்காக அமைத்த ஒரு மாதக் கணக்கு வருமாறு. தொகை ரூபாயில், அடைப்பில் கொடையாளர் எண்ணிக்கை.

| நோக்கம் | தனியாள் | நிறுவனம் | மொத்தம் |
|---|---|---|---|
| கண் சிகிச்சை | 63,000 (42) | 1,50,000 (1) | 2,13,000 |
| கல்வி உதவி | 1,22,000 (61) | 1,80,000 (6) | 3,02,000 |
| குளம் தூர்வாரல் | 36,000 (18) | 95,000 (5) | 1,31,000 |
| மொத்தம் | 2,21,000 | 4,25,000 | 6,46,000 |

கண் சிகிச்சைக்குக் கொடுத்த நிறுவனம் ஒன்றே. கண் சிகிச்சை முகாமுக்கு யார் வந்து போனார் என்று பார்த்தவர்க்கு அது எந்த ஆலை என்பது தெரியும்; இப்போது தொகையும் தெரிந்துவிட்டது. போட்டித் தொழில் நடத்தும் அறங்காவலர் ஒருவர் இதைப் படிக்கிறார் என்றால், அத்தொகை ஆலையின் இவ்வாண்டு நிலையைப் பற்றிய செய்தியும் ஆகிறது.

அக்கட்டத்தை மட்டும் மறைப்பது முதல் மறைப்பு. அது பயன் தராது: 2,13,000இலிருந்து 63,000ஐக் கழித்தால் 1,50,000. அதே வரிசையில் தனியாள் கட்டத்தையும் மறைத்தால், நிறுவன நெடுவரிசையில் 4,25,000இலிருந்து 1,80,000ஐயும் 95,000ஐயும் கழித்து அதே விடையைப் பெறலாம். ஆகவே கண் சிகிச்சை, குளம் ஆகிய இரு வரிசைகளிலும் நான்கு கட்டங்களை மறைக்க வேண்டியதாகிறது. இது துணை மறைப்பு.

இப்போது கழித்தலால் விடை வராது. ஆனால் எல்லை வரும். மறைந்த எந்தத் தொகையும் சுழிக்குக் கீழே போகாது என்ற ஒன்றைக் கொண்டே, ஆலையின் தொகை 1,14,000க்கும் 2,13,000க்கும் இடையில் உள்ளது என்று கணக்கிடலாம். குளத்துக்காகத் தெருத்தெருவாகச் சென்று வசூலித்த அறங்காவலருக்கு இந்த எல்லையும் தேவையில்லை. தனியாள் வசூல் 36,000 என்பது அவர் கைப்பட எண்ணியது. 1,14,000உடன் அதைக் கூட்டினால் 1,50,000 கிடைத்துவிடும். புள்ளியியல் நூல்கள் படிப்பவரை வெளியாளாகக் கொள்கின்றன. இங்கே படிப்பவர் உள்ளாள்.

மற்றொரு வழி காலத்தால் வருவது. இம்மாதக் கட்டத்தை மறைத்துவிட்டு, ஏப்ரல் முதலான திரள்தொகையை அதே கட்டத்துக்குக் காட்டினால், சென்ற மாதத் திரளைக் கழித்தவுடன் மறைந்தது வெளிப்படும். திருத்திய பழைய அறிக்கையும் இவ்வாறே காட்டிக்கொடுக்கும்.

4. பரிந்துரைக்கும் அமைப்பு

குறுக்கு அட்டவணையைக் கைவிட்டு, நோக்கவாரி மொத்தம் ஒன்றும் வகைவாரி மொத்தம் ஒன்றுமாக இரண்டு தனிப்பட்டியல்கள் தருவதே தக்கது. அறங்காவலர் மாதக் கூட்டத்தில் முடிவு செய்பவை இவ்விரண்டாலேயே முடிகின்றன: எந்த நோக்கம் இலக்கை எட்டவில்லை, எந்த வகையார் குறைந்து வருகின்றனர். குறுக்கு விவரம் வேண்டுமானால் ஒவ்வொரு கட்டத்திலும் ஐவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒருவர் பங்கு பாதியைத் தாண்டக் கூடாது. இந்த அளவுகள் சட்டம் விதித்தவை அல்ல, நாம் வைப்பவை. திரளுக்கும் இவையே பொருந்தும்.

இதற்கும் குறை உண்டு. கண் சிகிச்சை மொத்தத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஒருவருடையது. அந்த மொத்தத்தை அறங்காவலரிடமிருந்து மறைக்க முடியாது. நிதிப் பொறுப்பு அவர்களுடையது. சென்ற மாதத்தைவிடத் தொகை திடீரென ஏறியிருப்பதிலிருந்து பெரிய கொடை ஒன்று வந்ததை ஊகிக்கலாம். அதைத் தடுக்க நமக்கு வழி தோன்றவில்லை. ரசீது எழுதும்போதே வெளியிடலாமா என்று கேட்டு, விடையைப் பதிவேட்டில் குறிப்பதே செய்யத்தக்கது. 2023ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலையும் சொன்ன நோக்கத்தையும் மையமாகக் கொண்டது. எனினும் அது தனிமனிதர் தரவுக்கே உரியது. நிறுவனக் கொடையை நம் விதிதான் காக்க வேண்டும்.

ஒரே கொடையாளரை அறக்கட்டளை மிகையாகச் சார்ந்துள்ளதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடையை நோக்கவாரியாக அன்றி மொத்தத்துக்கும் சேர்த்து, ஆண்டுக்கு இருமுறை சொல்லலாம். பெயருள்ள பதிவேட்டை அறங்காவலர் பார்க்க விரும்பினால் அலுவலகத்தில், பொருளாளர் முன்னிலையில் பார்க்கட்டும். பார்த்ததற்கான குறிப்பும் இருக்கட்டும். உரிமையை மறுப்பது நம் கருத்தன்று. அறிக்கை வாட்ஸ்அப் குழுவில் சுற்றும், பதிவேடு சுற்றாது என்பதே வேறுபாடு.

5. தயாரிப்பும் அனுப்புதலும்

பான் எண், ஆதார் எண், கைபேசி எண் மூன்றும் அறிக்கைக்கான தாளுக்குள் நுழையக் கூடாது. அங்கே கொடையாளர் குறியெண், நாள், நோக்கம், வகை, தொகை போதும். மாத மொத்தம் வங்கி வரவோடும் ரசீதுப் புத்தகத்தோடும் ஒத்துப்போகிறதா என்பதைப் பொருளாளர் சரிபார்த்த பின்னரே பட்டியல் எடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கடைசி அடியில் தவறுவதுண்டு. எக்செல் பிவட் அட்டவணையைக் கோப்பாகவே அனுப்பினால், மூலத்தாளை நீக்கியிருந்தாலும் அதன் படி உள்ளே தங்கியிருக்கக்கூடும். மொத்தத்தின்மேல் இருமுறை தட்டினால் ஒவ்வொரு கொடையும் தனி வரியாக விரியும். மறைத்து வைத்த நெடுவரிசையையும் யாரும் திறந்துவிடலாம். அனுப்புமுன் கோப்பைத் தாமே தட்டிப் பார்ப்பது சோதனை. பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது தீர்வு.