'எழுதியாயிற்று' என்ற பதிலின் பொருள்: பரவல் சாவி-மதிப்புச் சேமிப்பகத்தில் எழுதும் பாதை

வடிவமைப்புச் சுற்று நேர்காணலில் பரவல் சாவி-மதிப்புச் சேமிப்பகத்தை வரையச் சொன்னால், பலரும் ஹாஷ் வளையத்தில் தொடங்கி, மூன்று நகல்களுக்குச் சென்று, `R + W > N` என்று எழுதி முடிப்பார்கள். எழுதும் பாதைக்குக் கடைசி ஐந்து நிமிடம்தான் மிஞ்சும். இந்த வரிசை தவறு என்பது என் வாதம். நகல் சர்வர் 'எழுதியாயிற்று' என்று சொல்லும்போது தரவு எங்கே இருக்கிறது என்பது தெரியாதவரை, அந்தச் சமனிலிக்குப் பொருளே இல்லை.

`N=3`, `W=2`, `R=2` என்று கொள்வோம். `cart:42` என்ற சாவிக்கு வளையம் A, B, C என்ற சர்வர்களைத் தருகிறது. A-யும் B-யும் ஒரே அடுக்கில், ஒரே மின் இணைப்பில் இருக்கின்றன. C அப்போது மறுதொடக்கத்தில் இருக்கிறது. A-யும் B-யும் புதிய மதிப்பைப் பதிவேட்டுக் கோப்பின் இறுதியில் சேர்த்து, நினைவக அட்டவணையிலும் வைத்துவிட்டு, பதில் அனுப்புகின்றன. இரண்டு பதில் வந்ததால் வாடிக்கையாளருக்கு வெற்றி என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் கோப்பில் சேர்த்தது இயக்குதளத்தின் இடைநினைவகத்தில்தான் இருக்கிறது. `fsync` இன்னும் நடக்கவில்லை. இரண்டு வினாடியில் அந்த அடுக்கின் மின்சாரம் போகிறது. C-க்காக A எடுத்துவைத்திருந்த குறிப்பும் அதே நினைவகத்தோடு அழிகிறது. மூன்று சர்வர்களும் எழுந்த பிறகு எந்த இரண்டைக் கேட்டாலும் பழைய கூடைதான் வரும். `2 + 2 > 3` என்பது அப்போதும் உண்மைதான்.

இது கற்பனையான அமைப்பு அல்ல. கசாண்ட்ராவின் இயல்பு அமைப்பில் பதிவேடு 10 வினாடிக்கு ஒருமுறைதான் வட்டுக்குக் கட்டாயமாக இறக்கப்படுகிறது. பதில் அதற்குக் காத்திருப்பதில்லை. சோதனையில் இந்த ஓட்டை எளிதில் அகப்படாது என்பதுதான் கவலை. `kill -9` கொடுத்தால் செயலி மட்டும் சாகும். இயக்குதளம் உயிரோடு இருப்பதால் தரவு தப்பிவிடும். இயந்திரத்தின் மின்சாரத்தையே துண்டித்துப் பார்த்தால்தான் இழப்பு தெரியும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் `fsync` செய்தால் வேகம் போய்விடும் என்பது நியாயமான மறுப்பு. ஒரு `fsync`-க்கு 5 மில்லிவினாடி என்றால், ஒன்றன்பின் ஒன்றாக வினாடிக்கு 200 எழுத்துகளே முடியும். நூறு எழுத்துகளைச் சேர்த்து ஒரே முறை இறக்கினால் அதே வட்டு 20,000 தாங்கும். ஒவ்வோர் எழுத்தும் சில மில்லிவினாடி கூடுதலாகக் காத்திருக்கும், அவ்வளவே.

அமேசானின் டைனமோ பற்றிய 2007 ஆய்வுரை இன்னொரு வழி சொல்கிறது: எழுத்துகளை நினைவகத்தில் தேக்கிக்கொண்டு, நகல்களில் ஒன்றை மட்டும் வட்டில் எழுதச் சொல்வது. ஒருங்கிணைக்கும் சர்வர் `W` பதில்களுக்கே காத்திருப்பதால், அந்த ஒரு வட்டு எழுத்து பதிலைத் தாமதப்படுத்தாது. அதே காரணத்தால், வெற்றி என்று சொல்லும் கணத்தில் அது முடிந்திருக்கும் என்ற உறுதியும் இல்லை.

நகல்களைப் பங்கிடும் விதியும் இந்த உறுதியின்மையிலிருந்தே பிறக்கிறது. வளையத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று இடங்களை அப்படியே எடுத்தால், அவை ஒரே இயந்திரத்தின் மெய்நிகர் கணுக்களாகவோ ஒரே அடுக்கின் சர்வர்களாகவோ அமையலாம். இயந்திரம் மட்டுமல்ல, அடுக்கும் வேறாகும்வரை இடங்களைத் தாண்டிச் செல்ல வேண்டும். `fsync`-க்கு முன்பே பதில் சொல்லும் வடிவமைப்பில் மின் இழப்புக்கு எதிராக இருக்கும் முதன்மையான காப்பு அதுதான்.