80 ஆயிரம் பெண்களா, 114 கொத்துகளா?

பாலசமுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு நம்ம மாவட்டத்து ஆய்வு ஒன்றைப் படித்தேன். அம்பிளிக்கையின் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையமும் லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து 2000-ல் தொடங்கியது. 2007-ல் லான்செட் இதழில் வந்தது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 114 கொத்துகள். 57 கொத்துகளில் செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் வினிகர் அமிலம் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். மற்ற 57 ஒப்பீட்டுக்கு. முதல் பக்கம் 49,311 பெண்கள், மறுபக்கம் 30,958.

அடேங்கப்பா, 80 ஆயிரம் பேரான்னு தோணும். ஆனால் சீட்டுக் குலுக்கியது பெண்களை அல்ல, கொத்துகளை. ஒரே பகுதியில் வாழ்பவர்கள் வசதியிலும், ஆஸ்பத்திரி போகும் பழக்கத்திலும் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமையின் அளவுதான் கொத்துக்குள் ஒட்டுறவு, அதாவது ஐ.சி.சி. கொத்தின் சராசரி அளவு m, ஒட்டுறவு ρ என்றால் டிசைன் எஃபெக்ட்:

DE = 1 + (m − 1) × ρ

முதல் பக்கம் கொத்துக்குச் சராசரி 865 பேர். ρ வெறும் 0.001 என்று வைத்துப் பாருங்கள் (இது கணக்குக்காக நான் எடுத்த எண், ஆய்வினுடையதல்ல). DE சுமார் 1.86. ஆக 865 பேர் தரும் தகவல் 464 தனித்தனிப் பெண்கள் தருவதுதான். சரி, அதே கொத்தில் 1,730 பேரைச் சேர்த்தால்? 634. ஆளை இரட்டிப்பாக்கியும் கிடைத்தது 170 தான்! எவ்வளவு சேர்த்தாலும் கொத்துக்கு 1,000-ஐத் தாண்டாது. கொத்துகளை இரட்டிப்பாக்கினால் தகவலும் இரட்டிப்பாகும்.

கொத்தாகக் குலுக்கிவிட்டுத் தனி ஆளாகக் கணக்கிடுவது தன்னைத்தானே ஏமாற்றுவது என்று கார்ன்ஃபீல்ட் 1978-லேயே எச்சரித்தார். இருந்தும், கொத்து ஆய்வுகளுக்கான கன்சார்ட் அறிக்கை விதிகள் 2004-ல்தான் வந்தன. நம்ம ஆய்வு தொடங்கி நாலு வருஷம் கழித்து! மாதிரி அளவுப் பகுதியில் கொத்துகளின் எண்ணிக்கை, கொத்தின் அளவு, ஒட்டுறவு, அது எவ்வளவு நிச்சயமற்றது என்பதெல்லாம் இருக்கணும் என்பது அந்த விதி. என்னைக் கேட்டால், ρ எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். மேலே 0.001-க்குப் பதில் 0.003 போட்டால் DE 3.6 ஆகிவிடும். பழைய ஆய்விலிருந்து எடுத்ததா, குத்துமதிப்பா என்று எழுதாவிட்டால் படிப்பவர் எப்படிச் சோதிப்பார்?

இன்னொன்று, கொத்துகள் ஒரே அளவில் இல்லை. மறுபக்கச் சராசரி 543 தான். கொத்துக்குக் கொத்து அளவு மாறினால் மேலே உள்ள சூத்திரம் குறைத்துச் சொல்லும். அதையும் அந்தப் பத்தியில் சொல்லணும்.

திண்டுக்கல் முடிவில் கருப்பை வாய்ப் புற்று மரணத்துக்கான ஆபத்து விகிதம் 0.65, நம்பக வரம்பு 0.47 முதல் 0.89 வரை. 80 ஆயிரம் பேரை வைத்தும் வரம்பு இவ்வளவு அகலமா என்று கேட்டால், ஒரு காரணம் மரணங்கள் குறைவு: 83-ம் 92-ம். இன்னொரு காரணம் அந்த 114.