பழைய இடாப்பில் உள்ள பெயரைத் திருத்தி எழுதாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய பிறப்புப் பத்திரம், நிக்காஹ் பதிவு, தோட்டத்துச் செக்ரோல் நகல் என்று ஏதாவது வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய சேர்வு இடாப்பு உக்கிப்போகத் தொடங்கியதால், ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அதைப் புதிய புத்தகத்தில் படியெடுத்தோம். 'கதிசா உம்மா' என்று இருந்த இடத்தில் 'கதீஜா உம்மா' என்று எழுதினோம். பிழையைத் திருத்தி நல்லது செய்ததாகத்தான் நினைத்தோம். பிறகு அவருடைய பேரப்பிள்ளை ஒருவர் காணி விடயமாக அந்தப் பதிவைத் தேடி வந்தார். அவர் கையில் இருந்த பிறப்புப் பத்திரத்திலும் 'கதிசா' என்றே இருந்தது. இரண்டு பழைய ஆவணங்களும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றிருக்கும். அந்தச் சாட்சியை எங்கள் பேனைதான் கெடுத்தது. மூல இடாப்பின் அந்தப் பக்கம் அதற்குள் பூச்சி அரித்துப் போயிருந்தது.

ஒரே பெயர் ஏன் இத்தனை விதமாக எழுதப்பட்டது என்பதற்கு நம் ஊர்ப் பெயரே நல்ல உதாரணம். கினிகத்தேனையில் தேனும் இல்லை, தேனையும் இல்லை. சிங்களத்தில் அது 'கினிகத் ஹேன', அதாவது தீப்பிடித்த சேனை. 'ஹேன' என்றால் நாம் சொல்லும் சேனைதான். 'கத்' என்பதன் கடைசி மெய்யோடு 'ஹேன' சேர்ந்து நம் வாயில் 'த்தேனை' ஆகிவிட்டது. வட்டவளை, பொகவந்தலாவை போலவே சிங்களத்தில் 'அ' ஒலியில் முடியும் ஊர்ப் பெயருக்குத் தமிழில் 'ஐ' சேர்ந்தது. ஆங்கிலத்தில் Ginigathena என்றும் Ginigathhena என்றும் எழுதுகிறார்கள். தமிழில் கினிகத்தேன, கினிகத்ஹேன என்றும் காணலாம். எதுவும் பிழையல்ல. மூன்று மொழிக்காரர்கள் தங்கள் காதில் விழுந்ததைத் தங்கள் எழுத்தில் பிடித்தார்கள்.

ஆட்பெயரில் சிக்கல் இதைவிட அதிகம். தோட்டத்துக் கிளாக்கர் ஆங்கிலத்தில் Carupen என்று எழுதியிருந்தால் அது கருப்பனா, கறுப்பனா? நம் நாட்டில் நிறத்தைக் கறுப்பு என்று வல்லின றகரம் போட்டு எழுதுவது வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களில் கருப்பன் என்றும் எழுதுவார்கள். ஆங்கில எழுத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அதை வைத்து இதுதான் சரி என்று யாரும் சொல்ல முடியாது.

முஸ்லிம் பெயர்களில் இழப்பு வேறு விதம். 'காசிம்' என்று தமிழில் எழுதினால் அது அரபியில் காஃப் எழுத்தில் தொடங்கும் Qasim ஆகவும் இருக்கலாம், வேறு எழுத்துகளால் ஆன Kazim ஆகவும் இருக்கலாம். அரபியில் இவை இரண்டு பெயர்கள். நிக்காஹ் பதிவில் அரபு எழுத்தில் கையொப்பம் இருந்தால் மட்டும் எது என்று தெரியும். இல்லாவிட்டால் தெரியாது என்றே விட வேண்டும்.

இதற்கு நாம் எல்லோரும் அறிந்த ஒரு பெரியவரின் பெயரையே எடுத்துப் பார்ப்போம். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர், 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதியவர், கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை. அவரைச் சித்திலெவ்வை என்றும் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அவர் M. C. Siddi Lebbe. அந்த M. C. என்பது முகம்மது காசிம், அன்றைய வழக்கில் Mohamed Cassim. இன்றைய முறைப்படி சீராக்குகிறோம் என்று ஒருவர் Muhammad Qasim என்று மாற்றினால் முதலெழுத்துகள் M. Q. ஆகிவிடும். அப்படி ஒருவர் எந்தப் பழைய பத்திரிகையிலும் இல்லை. தேடுகிற பிள்ளைக்கு ஒன்றும் அகப்படாது. சீராக்கிய கை நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கும். ஆனால் ஆளையே தொலைத்துவிடும்.

அப்படியென்றால் சீராக்கவே கூடாதா? சீராக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆளின் பத்துப் பதிவுகளும் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கும். ஆனால் மூலத்தின் மேல் சீராக்கக் கூடாது, அதன் பக்கத்தில் சீராக்க வேண்டும். அந்தத் தவறுக்குப் பிறகு நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இதுதான்.

ஒரு கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள். முதல் நிரலில் மூலத்தில் உள்ளது உள்ளபடி, எழுத்துப் பிழையோடு, முதலெழுத்துகளோடு. வாசிக்க முடியாத எழுத்துக்கு ஊகம் எழுதாமல் சதுர அடைப்புக்குள் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டாம் நிரலில் சீரான வடிவம். அவர் கையொப்பமிட்ட வடிவம் கிடைத்தால் அதுவே சீரான வடிவம். கிடைக்காவிட்டால் பதிவுகளில் அதிகம் வரும் வடிவம். ஊர்ப் பெயருக்கு இன்றைய தமிழ் வழக்கு போதும். மூன்றாம் நிரலில் எந்த இடாப்பு, எந்த வருடம், எந்தப் பக்கம். நான்காம் நிரலில் இரண்டு பதிவும் ஒரே ஆள் என்று ஏன் நினைக்கிறோம் என்ற காரணம்.

நான்காவதுதான் முக்கியம். பெயர் ஒத்துப்போவது காரணமாகாது. ஒரு தோட்டத்தில் மூன்று கருப்பன் இருக்கலாம், ஒரு தெருவில் நான்கு பாத்துமா இருக்கலாம். தகப்பன் பெயர், வயது, தோட்டத்தின் டிவிஷன் அல்லது கிராமம், இவற்றில் இரண்டாவது பொருந்தினால்தான் நாங்கள் ஒன்றாக்குவோம். ஒன்று மட்டும் பொருந்தினால் கேள்விக்குறி போட்டு இரண்டாகவே விடுவோம். தோட்டத்துக்கு ஆங்கிலப் பதிவுப் பெயர் ஒன்றும் லயத்தில் சொல்லும் தமிழ்ப் பெயர் இன்னொன்றும் இருப்பதால், ஊர் பொருந்தவில்லை என்று முடிவெடுக்கும் முன் வயதானவர்களிடம் கேளுங்கள்.

உதாரணமாக, ஒரு செக்ரோலில் Carupen, வட்டவளை என்றும், பிறப்புப் பதிவொன்றில் தகப்பன் கறுப்பன் என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயதும் டிவிஷனும் பொருந்தினால் இரண்டாம் நிரலில் இரண்டுக்கும் 'கறுப்பன்' என்று போடலாம். முதல் நிரலில் Carupen அப்படியே இருக்கும். நாளை நம் முடிவு பிழை என்று தெரிந்தால் இரண்டாம் நிரலை மாற்றினால் போதும். மூலம் தப்பித்துவிடும்.

இது வெறும் எழுத்து விவகாரம் இல்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, மணமானவர் 1946க்கு முந்திய 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் இலங்கையில் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு காகிதத்தில் Carupen, இன்னொன்றில் கறுப்பன் என்று இருந்த குடும்பம் இரண்டும் ஒரே ஆள்தான் என்று எப்படி நிறுவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றும் அடையாள அட்டைக்கும் காணிக்கும் அதே காகிதங்களைத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம்.

ஆகவே பழைய பத்திரத்தை முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று கீழே பதியுங்கள். ஆட்களின் முழு விபரம் வேண்டாம், பெயரின் வடிவங்கள் மட்டும் போதும். ஊருக்கென்று ஒரு பெயர் வடிவப் பட்டியலைச் சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.