அறத்துக்கு எண்பத்தைந்து, மிச்சத்துக்கு வரி

அறக்கட்டளைகளுக்கு வருமான வரி இல்லை என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமல்ல, அவற்றை நடத்தும் பலரிடமும் வேரூன்றியிருக்கிறது. அது பாதி உண்மை. வருமான வரிச் சட்டம் அறக்கட்டளை என்ற அமைப்புக்கு விலக்கு அளிக்கவில்லை. அறத்துக்காகச் செலவிடப்பட்ட வருமானத்துக்கே விலக்கு அளிக்கிறது. இந்த வேறுபாட்டை உணராத சிறு அறக்கட்டளைகள், ஏழை மாணவருக்குச் சேரவேண்டிய பணத்தை வரியாகச் செலுத்த நேர்கிறது.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுதான் இதன் மையம். பதிவு பெற்ற அறக்கட்டளை தனது ஆண்டு வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை, இந்தியாவுக்குள், தனது நோக்கங்களுக்காகச் செலவிட வேண்டும். எஞ்சிய 15 சதவீதத்தை எந்த நிபந்தனையும் காலவரம்பும் இன்றிச் சேமித்துக் கொள்ளலாம். முன்பு இந்தச் சேமிப்பு வரம்பு 25 சதவீதமாக இருந்தது. 2002-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அதை 15 ஆகக் குறைத்தது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருந்தாலும் இந்த 85-15 அடிப்படை மாறவில்லை.

இந்த விதியின் நோக்கத்தில் குறைகாண முடியாது. வரிச் சலுகை என்பது அரசு தன் வருவாயை விட்டுக்கொடுப்பது. அதாவது மறைமுகமான மானியம். மானியம் பெற்ற பணம் பயனாளிகளைச் சென்றடையாமல் வங்கிக் கணக்கிலேயே ஆண்டுக்கணக்கில் குவிந்தால், அந்தச் சலுகைக்குப் பொருளில்லை. ஆனால், விதி நடைமுறைக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம்.

ஒரு சிற்றூரில் கல்வி உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். 2024-25 நிதியாண்டில் அதற்கு வைப்புநிதி வட்டி ரூ.7 லட்சம், கடை வாடகை ரூ.5 லட்சம், பொது நன்கொடை ரூ.4 லட்சம், ஆக மொத்தம் ரூ.16 லட்சம். இவைதவிர, 'மூலநிதியில் சேர்த்துக்கொள்க' என்று எழுத்துமூலம் தெரிவித்து ஒருவர் ரூ.10 லட்சம் அளித்திருக்கிறார். அத்தொகை மூலநிதிக்கென்றே தனியாக, சட்டம் அனுமதிக்கும் முதலீட்டில் வைக்கப்பட்டால் வருமானக் கணக்கில் சேராது. எனவே நம் கணக்கு 16 லட்சத்துக்குத்தான். அதில் 15 சதவீதம் ரூ.2.40 லட்சம். செலவிட வேண்டியது ரூ.13.60 லட்சம்.

நிர்வாகிகள் தங்கள் கணக்கை இப்படிப் போடுகிறார்கள்: உதவித்தொகை ரூ.9.25 லட்சம், எழுத்தர் ஊதியம், சொத்து வரி, பராமரிப்பு ஆகியவை ரூ.1.75 லட்சம், வேறொரு பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு அளித்த நன்கொடை ரூ.1 லட்சம். மொத்தம் ரூ.12 லட்சம். குறைவது ரூ.1.60 லட்சம்தான் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

சட்டத்தின் கணக்கு வேறு. உதவித்தொகையில் ரூ.1.25 லட்சம் மார்ச் மாதக் கூட்டத்தில் அனுமதிக்கப்பட்டது. காசோலைகள் ஏப்ரலில்தான் வழங்கப்பட்டன. எந்த ஆண்டில் பணம் உண்மையில் கொடுக்கப்பட்டதோ அந்த ஆண்டில்தான் அது செலவாகக் கருதப்படும் என்று 2022-ஆம் ஆண்டின் திருத்தம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே, தீர்மானம் போட்டது செலவாகாது. அடுத்து, பிற அறக்கட்டளைக்கு அளித்த ஒரு லட்சத்தில் 85 சதவீதம், அதாவது ரூ.85,000 மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஓர் அறக்கட்டளை இன்னொன்றுக்கும் அது மற்றொன்றுக்கும் பணத்தைக் கைமாற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் 15 சதவீதத்தைப் பிடித்துவைத்துக் கொள்வதைத் தடுக்க 2023-இல் கொண்டுவரப்பட்ட விதி இது. ஆக, சட்டம் ஏற்கும் செலவு ரூ.10.60 லட்சம். குறைவு ரூ.1.60 லட்சமன்று; ரூ.3 லட்சம்.

இந்த மூன்று லட்சத்துக்கு நிர்வாகிகள் எதுவும் செய்யாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? அனுமதியின்றி 15 சதவீதத்துக்கு மேல் சேர்த்துவைத்த வருமானத்துக்குத் தனி நபருக்குரிய படிநிலை வரி விகிதங்களின் சலுகை கிடையாது. 115பிபிஐ பிரிவின்படி அதற்கு நேரடியாக 30 சதவீத வரி. வரி ரூ.90,000, அதன்மேல் 4 சதவீத செஸ் ரூ.3,600, ஆக ரூ.93,600. மாணவர் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது மாணவர்களின் உதவித்தொகை அது.

ஆனால், இதே அறக்கட்டளை ஒரு ரூபாய்கூட வரி செலுத்தாமல் இருக்கவும் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஏப்ரலில் வழங்கிய ரூ.1.25 லட்சத்துக்குப் படிவம் 9ஏ அளிக்கலாம். 'இந்தத் தொகையை அடுத்த ஆண்டில் செலவிடுகிறோம்; இந்த ஆண்டின் செலவாகவே கருதுங்கள்' என்பது அதன் சாரம். அப்படிச் செலவிடும் தொகையை அடுத்த ஆண்டின் 85 சதவீதக் கணக்கில் மீண்டும் காட்ட முடியாது. மீதமுள்ள ரூ.1.75 லட்சத்துக்குப் படிவம் 10 இருக்கிறது. மாணவர்களுக்கான படிப்பகம் கட்டுவது போன்ற குறிப்பிட்ட ஒரு நோக்கத்தைத் தீர்மானமாக நிறைவேற்றி, அதைப் படிவத்தில் தெரிவித்து, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துவைக்கலாம். அந்தப் பணம் அரசுப் பத்திரம், வங்கி வைப்பு போன்ற அனுமதிக்கப்பட்ட முதலீடுகளில் இருக்க வேண்டும். அதைப் பிற அறக்கட்டளைக்குக் கொடுக்கக் கூடாது. ஐந்து ஆண்டுகளுக்குள் செலவிடாவிட்டால், ஐந்தாம் ஆண்டின் வருமானமாகக் கருதி அதே 30 சதவீதம் விதிக்கப்படும்.

இங்கு இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. ஒன்று, காலக்கெடு. இவ்விரு படிவங்களையும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதற்கான கடைசி நாளுக்கு இரண்டு மாதங்கள் முன்பே அளிக்க வேண்டும் என்கிறது சட்டம். தணிக்கைக்கு உள்ளாகும் அறக்கட்டளைக்குக் கடைசி நாள் அக்டோபர் 31 என்றால், படிவத்துக்கான நாள் ஆகஸ்ட் 31. பல ஊர்களில் அதற்குப் பிறகுதான் தணிக்கையே தொடங்குகிறது. மற்றொன்று, நோக்கம். 'அறக்கட்டளையின் பொது நோக்கங்களுக்காக' என்று படிவத்தில் எழுதுவது சிக்கலை விலைகொடுத்து வாங்குவதாகும். அது போதுமா, போதாதா என்பதில் நீதிமன்றங்களே இருவேறு நிலைப்பாடுகளை எடுத்திருக்கின்றன. 'படிப்பகக் கட்டடம்' என்று எழுதுவதில் அந்த ஐயத்துக்கு இடமில்லை.

ஆகவே, சட்டம் சேமிப்பைத் தண்டிக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லப்படாத சேமிப்பையே தண்டிக்கிறது. இதுவரை சட்டத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. மார்ச் மாதத்தில் ஒருமுறை அமர்ந்து, அதுவரை கையைவிட்டுச் சென்ற பணம் எவ்வளவு என்று கணக்கிட்டாலே பெரும்பாலான சிறு அறக்கட்டளைகள் இந்த வரியைத் தவிர்த்துவிடலாம்.

பொருளியல் கற்பித்த எனக்கு நெருடலாகத் தோன்றுவது வேறோர் இடம். அந்த 15 சதவீதம், மூலநிதியின் உண்மை மதிப்பைக் காக்கப் போதுமா என்பதுதான் என் கேள்வி.

ஒரு கோடி ரூபாய் மூலநிதியை 7 சதவீத வட்டியில் வங்கியில் வைத்திருக்கும் அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். அதற்கு வேறு வருமானம் இல்லை. ஆண்டு வட்டி ரூ.7 லட்சம். அதில் ரூ.5.95 லட்சம் செலவிட்டாக வேண்டும். ரூ.1.05 லட்சத்தை மூலநிதியுடன் சேர்க்கலாம். அப்படியானால் மூலநிதி ஆண்டுக்கு 1.05 சதவீதம்தான் வளரும். விலைவாசியோ, ரிசர்வ் வங்கியின் இலக்கான 4 சதவீதத்தில் நின்றாலும்கூட, அதைவிட வேகமாக ஏறுகிறது. இருபத்து நான்கு ஆண்டுகளில் மூலநிதி ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சமாகும். விலைவாசி இரண்டரை மடங்குக்கு மேலாகியிருக்கும். அதாவது, இன்று ஐம்பது மாணவருக்குக் கட்டணம் செலுத்தும் நிதி, கட்டணமும் விலைவாசி அளவுக்கே உயர்ந்தால், அன்று இருபத்தைந்து பேருக்குத்தான் செலுத்த முடியும். யாரும் கையாடல் செய்யவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை. விதியைச் சரியாகப் பின்பற்றியதன் விளைவே அது.

படிவம் 10 இதற்கு உதவாது. 'மூலநிதியின் வாங்கும் திறனைக் காப்பது' ஐந்து ஆண்டுகளில் செலவிட்டு முடிக்கக்கூடிய நோக்கமன்று. பங்குச் சந்தையில் முதலீடு செய்து அதிக வருவாய் ஈட்டலாமென்றால், தனியார் நிறுவனப் பங்குகளை வாங்கிவைக்கும் வழி பொதுவாக அடைக்கப்பட்டிருக்கிறது. அறப்பணம் சூதாட்டமாகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையை நானும் ஏற்கிறேன். ஆனால், பாதுகாப்பான முதலீட்டைக் கட்டாயமாக்கிவிட்டு, அதன் குறைந்த வட்டியிலும் 85 சதவீதத்தைச் செலவிடச் சொல்வது இரண்டு பக்கமும் இறுக்குவதாகும்.

இதில் ஒரு சமனின்மையும் உண்டு. நிலமோ கட்டடமோ வைத்திருக்கும் அறக்கட்டளை அதை விற்று, கிடைத்த பணத்தில் வேறொரு மூலதனச் சொத்து வாங்கினால், மூலதன ஆதாயத்தைச் செலவிட்டதாகவே சட்டம் கருதுகிறது. நிலத்தின் விலையில் பணவீக்கமும் கலந்தே இருக்கிறது. ஆதலால் அந்த அறக்கட்டளையின் மதிப்பு காக்கப்படுகிறது. வைப்புநிதி வைத்திருப்பவருக்கோ பணவீக்கத்துக்கான ஈடு வட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதையும் வருமானம் என்று எண்ணிச் செலவிடச் சொல்கிறோம். ஓய்வூதியத்தைச் சேமித்து ஓர் ஆசிரியர் நிறுவும் சிறு அறக்கட்டளை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அமெரிக்காவில் தனியார் அறநிதியங்கள் வருமானத்தில் இத்தனை பங்கு என்றில்லாமல், தங்கள் முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் சுமார் 5 சதவீதத்தை ஆண்டுதோறும் வழங்க வேண்டும். அந்த முறையில் 7 சதவீதம் ஈட்டும் நிதி 2 சதவீதத்தைத் தக்கவைத்துக் கொள்ளலாம். அதேநேரத்தில், வருமானமே தராத சொத்தை வைத்துக்கொண்டு ஒன்றுமே வழங்காமல் இருக்கவும் முடியாது. நம் முறையில் வருமானம் தராத சொத்துக்கு எந்த நெருக்கடியும் இல்லை. அதை அப்படியே இங்கு கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் நிலத்தின் மதிப்பைக் கணிப்பதே பெரும் வழக்காகிவிடும்.

எளிய மாற்றம் ஒன்று போதும். மூலநிதியை வங்கி வைப்பிலும் அரசுப் பத்திரங்களிலும் மட்டுமே வைத்திருக்கும் சிறு அறக்கட்டளைகள், அந்த ஆண்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டு உயர்வுக்கு ஈடான தொகையை மூலநிதியில் சேர்க்கட்டும். அத்தொகையை நீக்கிய பிறகு மீதி வருமானத்துக்கு 85 சதவீத விதி பொருந்தட்டும். ஒரு கோடி நிதியில் ரூ.7 லட்சம் வட்டி, 4 சதவீத விலையேற்றம் என்றால், ரூ.4 லட்சம் மூலநிதிக்குப் போகும், மீதி ரூ.3 லட்சத்தில் ரூ.2.55 லட்சம் மாணவருக்குச் சேரும். இன்றைய மாணவருக்கு இது குறைவுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. எனவே இதைக் கட்டாயமாக்காமல், நிறுவியவர் தமது அறக்கட்டளைப் பத்திரத்தில் தெரிவு செய்யக்கூடிய வழியாக வைக்கலாம்.

இன்றைய மாணவருக்கு முழுவதும் கொடுப்பதா, அடுத்த தலைமுறைக்கும் வைப்பதா என்பது அறம் செய்பவர் முடிவுசெய்ய வேண்டிய கேள்வி. இப்போது அதை வரிச் சட்டத்தின் ஒரு சதவீதக் கணக்கு முடிவுசெய்துகொண்டிருக்கிறது.