பேர்ல் தெருவின் ஒரு மைல்

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அது வழங்கிய 110 வோல்ட் நேர்மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மைலுக்கு அப்பால் பயன்தரவில்லை. கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதே காரணம். அதே திறனைப் பத்து மடங்கு மின்னழுத்தத்தில் அனுப்பினால், மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகும். இழப்போ நூறில் ஒரு பங்காகும். ஆனால் அவ்வுயர் அழுத்தத்தை வீட்டுக்குள் விடுவதற்கு முன் தாழ்த்தியாக வேண்டும்.

அதைச் செய்வது மின்மாற்றி. ஒரு சுருளின் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் மறு சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். மாறா நேர்மின்னோட்டத்தால் அது இயலாது. 1886இல் வில்லியம் ஸ்டான்லி, மாசசூசெட்சின் கிரேட் பாரிங்டனில், மின்மாற்றிகளின் வழியே மாறுமின்னோட்டத்தைச் செலுத்திக் கடைகளுக்கு ஒளியூட்டினார். வீடுகளுக்கு அம்மின்னோட்டமே வந்த வழி இதுதான்.

மின்கலத்தின் இயல்பு வேறு. அதன் ஒரு முனை எலக்ட்ரான்களைத் தருகிறது, மறுமுனை ஏற்கிறது. அவ்வேதிவினை தானாகத் திசை மாறுவதில்லை. மாறுமின்னோட்டத்தை அப்படியே செலுத்தினால், ஓர் அரைச்சுற்றில் ஏறியது மறு அரைச்சுற்றில் இறங்கிவிடும். ஆகவேதான் ஒவ்வொரு மின்னேற்றிக்குள்ளும் மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பும் அலைதிருத்தி இருக்கிறது.

எடிசன் தொடங்கிவைத்த நேர்மின்னோட்ட வழங்கல் நியூயார்க்கில் 2007 நவம்பரில்தான் முற்றிலும் நின்றது.